மோதிக்கொண்ட இரண்டு கொத்துகளில் கரும்பொருள் எங்கே நிற்கிறது?

பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணிபோல வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போய், கடலை வலது கைப்பக்கம் வைத்துத் தெற்கே திரும்பி நில்லுங்கள். தொடுவானத்துக்கும் உச்சிக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் தெரியும். அதுதான் அகத்தியர். கொழும்பின் விளக்கு வெளிச்சத்தையும் மீறித் தெரியும் அளவுக்குப் பிரகாசமானது. கையை முழுதாக நீட்டி மூன்று விரலை ஒட்டிப் பிடித்தால் எவ்வளவு மறையுமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் அகத்தியரிலிருந்து இடப்பக்கமாகக் கீழே இறங்கினால், வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத ஒரு துண்டு வானம். அந்தத் துண்டுக்குள், முழுநிலவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், இரண்டு பெரும் விண்மீன் மண்டலக் கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவி மறுபக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. அட்டவணையில் அதன் பெயர் 1E 0657-56. எல்லோரும் சொல்வது புல்லட் கொத்து.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் அக்காவின் மகள் இந்தக் கொத்தின் படத்தை போனில் காட்டித்தான் என்னிடம் கேட்டாள். படத்தில் நடுவில் இளஞ்சிவப்பாக இரண்டு திட்டு, அவற்றுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீலமாக இரண்டு திட்டு. “மாமா, கரும்பொருள் கண்ணுக்குத் தெரியாது எண்டுதானே சொல்லுறவை, பிறகு எப்பிடி அதை நீலமாப் போட்டிருக்கினம்?”

சரியான கேள்வி. ஒளிராமல், ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருளைத்தான் கரும்பொருள் என்கிறோம். அந்த நீலத்தை யாரும் படம்பிடிக்கவில்லை, கணக்குப் போட்டுப் பூசியிருக்கிறார்கள். எந்தக் கணக்கு, அதை ஏன் நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத்தான் அவளுக்குச் சொன்னேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மோதியவை எவை என்று பார்ப்போம். நமது பால்வீதி ஒரு விண்மீன் மண்டலம், கேலக்ஸி என்றும் சொல்வோம். அப்படிப்பட்ட மண்டலங்கள் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரத்துக்கும் மேல், ஒன்றின் ஈர்ப்பில் ஒன்று பிணைந்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அது ஒரு கொத்து. படத்தில் பளிச்சென்று தெரிவது மண்டலங்கள்தான். ஆனால் கொத்திலுள்ள சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அவற்றுக்குள் இல்லை, அவற்றுக்கு இடையே பரவியிருக்கும் வாயுவில் இருக்கிறது. பெரும்பாலும் ஐதரசன். ஆனால் புல்லட் கொத்தில் அதன் வெப்பநிலை 15 கோடி பாகைக்கும் மேல், அதனால் அணுக்கள் உடைந்து இலத்திரன் வேறு, புரோத்தன் வேறு என்று திரிகின்றன. ஒரு புரோத்தனுக்குப் பக்கத்தால் போகும் இலத்திரன் வளைந்து திரும்பும்போது எக்ஸ் கதிர் வெளிவரும். வாயு ஒளிர்கிறது என்று சொல்வது இந்த எக்ஸ் கதிர் ஒளிர்வைத்தான்.

எக்ஸ் கதிர் நமது வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது, ஆகவே அதைப் பார்க்க விண்வெளியில் தொலைக்காட்டி வேண்டும். இந்தக் கொத்தைத் துல்லியமாகப் படம்பிடித்தது 1999 இல் ஏவப்பட்ட சந்திரா. நம்மவர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய தொலைக்காட்டி அது. படத்தின் இளஞ்சிவப்பு முழுக்க சந்திரா பார்த்த வாயு.

எடையைக் கணக்குப் பார்த்தால், மொத்தத் திணிவில் எல்லா மண்டலங்களின் எல்லா நட்சத்திரங்களையும் சேர்த்தாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான் வரும். வாயு அதைப்போலப் பல மடங்கு, பத்துச் சதவீதத்தைச் சுற்றி. இந்த ஒரு விகிதத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், முழுக் கதையும் இதில்தான் தங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பொருளில் பாரமானது வாயு. மண்டலங்கள் இலேசானவை.

இனி மோதல். காலிமுகத்திடலுக்குக் கீழே இரண்டு சிறுவர்கள் ஆளுக்கொரு வாளியில் கடல்தண்ணீரை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். அள்ளும்போது தண்ணீரோடு நாலைந்து சின்னக் கூழாங்கற்களும் வந்துவிட்டன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீசினார்கள். இரண்டு தண்ணீர்ப் படலமும் நடுவில் அறைந்து, சிதறி, அங்கேயே விழுந்தது. கற்கள் நிற்கவில்லை, தண்ணீரையும் கிழித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் விழுந்தன. ஒரு பக்கத்துக் கல் மறுபக்கத்துக் கல்லோடு முட்டவும் இல்லை, நாலைந்து கல் அவ்வளவு அகலமான இடத்தில் முட்டுவதற்கு வாய்ப்பே குறைவு.

கொத்துகள் மோதும்போது நடப்பதும் இதுதான். மண்டலங்கள் கூழாங்கற்கள், வாயு தண்ணீர். இந்த வாயு நாம் நினைக்கும் எந்த வாயுவையும்விட மெல்லியது, ஒரு கனமீற்றருக்குள் சில ஆயிரம் துணிக்கைகள்தான் இருக்கும் (இந்த அறையின் காற்றில் அது கோடி கோடிக்கணக்கில்), பிறகு எப்படி அது தண்ணீர் மாதிரி முட்டி நிற்கும் என்று அவள் கேட்டாள். பதில் கொத்தின் அளவில் இருக்கிறது. துணிக்கைகள் மின்னேற்றம் கொண்டவை, தொடாமலேயே தூரத்திலிருந்து ஒன்றையொன்று திசைதிருப்பும், காந்தப்புலமும் அவற்றைப் பிணைத்து வைத்திருக்கும். அப்படியிருந்தும் ஒரு துணிக்கை பல ஆயிரம் ஒளியாண்டு போனபிறகுதான் நன்றாகத் திசைமாறும். ஆனால் கொத்தின் குறுக்களவு பல மில்லியன் ஒளியாண்டு. அவ்வளவு தூரம் போவதற்குள் அது பலமுறை தடுக்கப்பட்டுவிடும். அதனால் மொத்தமாகப் பார்த்தால் அந்த வாயு ஒரு பாய்பொருள் போலவே நடந்துகொள்கிறது: அழுந்துகிறது, சூடாகிறது, வேகம் இழக்கிறது.

வேகம் இழந்ததற்கு அடையாளம் படத்திலேயே இருக்கிறது. வலப்பக்க இளஞ்சிவப்புத் திட்டு துப்பாக்கி ரவையின் முனைபோலக் கூராக இருக்கும், பெயர் வந்ததே அதனால்தான். அதற்கு முன்னால் வில்போல வளைந்த ஒரு விளிம்பு தெரியும். படகு போகும்போது முன்னால் தண்ணீர் குவிவதுபோன்ற அதிர்ச்சி அலை அது. அந்த விளிம்புக்கு உள்ளேயும் வெளியேயும் வாயுவின் அடர்த்தி எவ்வளவு தாவுகிறது என்று அளந்தால் வேகம் கிடைத்துவிடும். அந்த வாயுவில் ஒலி போகும் வேகத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஆக, மோதலுக்குப் பிறகு மண்டலங்கள் முன்னே போய்விட்டன, வாயு பின்தங்கி நடுவில் கிடக்கிறது, இரண்டுக்கும் இடையே லட்சக்கணக்கான ஒளியாண்டு இடைவெளி. மோதலுக்கு முன் ஒவ்வொரு கொத்திலும் எல்லாம் அதனதன் மையத்தைச் சுற்றிக் குவிந்திருந்தன. அப்படி இருந்தவரை, இந்த ஈர்ப்பு யாருடையது என்று கேட்டு ஒரு பதிலும் எடுக்க முடியாது. கொத்தில் தெரிவதைவிட அதிகத் திணிவு இருக்கவேண்டும் என்று 1933 இலேயே ஃபிரிட்ஸ் சுவிக்கி கணக்குப் போட்டுச் சொன்னார். ஆனால் மறைந்திருக்கும் பொருள் எதுவும் இல்லை, ஈர்ப்பு விதிதான் பெரிய தூரத்தில் வேறுமாதிரி வேலைசெய்கிறது என்று சொல்லவும் இடம் இருந்தது. தெரியும் பொருள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் மட்டும்தான் இந்தக் கேள்வியைத் திருத்தமாகக் கேட்கலாம்: ஈர்ப்பின் மையம் பாரமான வாயுவோடு நிற்கிறதா, இலேசான மண்டலங்களோடு போய்விட்டதா?

வாயுவோடு நின்றால், தெரியும் பொருள்தான் எல்லாம் என்பவர்களுக்குச் சாதகம். மண்டலங்களோடு போயிருந்தால், அவற்றோடு கூடவே, மோதலில் தடைபடாத இன்னொன்று, வாயுவைவிட மிகப் பாரமான ஒன்று, போயிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இந்தச் சோதனை பிடிப்பதற்குக் காரணமே இதுதான். பதில் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு தரப்பு மாட்டிக்கொள்ளும்.

சரி, ஈர்ப்பின் மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் அந்த நீலம் வருகிறது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியது ஒன்று. சதுரக்கட்டம் போட்ட கணிதக் கொப்பி ஒன்றைத் திறந்துவைத்து, அடி தடித்த கண்ணாடிக் குவளை ஒன்றை அதன்மேல் வைத்து மேலிருந்து உள்ளே பாருங்கள். நேர்கோடுகள் வளைந்திருக்கும், விளிம்புப் பக்கத்துக் கட்டங்கள் இழுபட்டிருக்கும். கண்ணாடி சுத்தமாக, பார்வைக்கே படாததாக இருந்தாலும், கட்டங்கள் எங்கே எப்படி வளைகின்றன என்பதை வைத்து, கண்ணாடி எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு என்று சொல்லிவிடலாம். ஈர்ப்பும் ஒளியை வளைக்கும். வளைக்கும் பொருள் ஒளிர்கிறதா இருட்டாக இருக்கிறதா, சூடா குளிரா என்பதெல்லாம் கணக்கில்லை, திணிவு மட்டும்தான் கணக்கு. புல்லட் கொத்துக்கு வெகு பின்னால் ஆயிரக்கணக்கான மண்டலங்கள் இருக்கின்றன. அவற்றின் ஒளி கொத்தைத் தாண்டி வரும்போது, அவற்றின் உருவம் திணிவின் மையத்தைச் சுற்றி வளையமாக இழுபடும். கொப்பியின் கட்டங்களுக்குப் பதில் இந்தப் பின்புல மண்டலங்கள்.

கொப்பியில் எல்லாக் கட்டமும் முதலில் சரியான சதுரம் என்று நமக்குத் தெரியும், மண்டலங்களில் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் இயல்பிலேயே ஏதோ ஒரு திசையில் நீண்டுதான் இருக்கும், அந்த இயல்பான நீட்சி ஏறக்குறைய 30 சதவீதம் என்று வையுங்கள். கொத்தின் ஈர்ப்பு கூட்டிய இழுவை 5 சதவீதம் என்றால், ஒரு மண்டலத்தை மட்டும் பார்த்து ஒன்றுமே சொல்ல முடியாது. ஆனால் இயல்பான நீட்சிக்கு விருப்பமான திசை என்று ஒன்று இல்லை, ஆளுக்கொரு பக்கம். அதனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 100 மண்டலங்களின் சராசரியை எடுத்தால் அந்தத் தற்செயல் 30 இலிருந்து 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும் (100 இன் வர்க்கமூலம் 10), 400 எடுத்தால் 1.5. ஈர்ப்பின் இழுவை எல்லாவற்றுக்கும் ஒரே பக்கமாக இருப்பதால் அது 5 ஆகவே நிற்கும். வானத்தைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் இந்தச் சராசரியை எடுத்து, இப்படி ஓர் இழுவை வரவேண்டுமென்றால் திணிவு எப்படிப் பரவியிருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வருவதுதான் நீல வரைபடம்.

தப்பு நடக்க இடம் நிறைய உண்டு. தொலைக்காட்டியே படத்தைக் கொஞ்சம் இழுத்துவிடும், தரையிலிருந்து பார்த்தால் காற்றும் சேர்ந்து கலக்கும். இதைப் பிடிப்பதற்கு நமது பால்வீதியின் நட்சத்திரங்கள் உதவுகின்றன. நட்சத்திரம் வெறும் புள்ளியாகத்தான் இருக்கவேண்டும், அதே படத்தில் அது நீண்டு தெரிந்தால் அந்த நீட்சி கருவியுடையது, அதைக் கழித்துவிடலாம். இன்னொரு சிக்கல், கொத்துக்கு முன்னால் இருக்கும் மண்டலங்களையும் கொத்தின் சொந்த மண்டலங்களையும் தவறிப்போய்ப் பின்புலம் என்று சேர்த்துவிடுவது. அவை வளைக்கப்படாதவை, சேர்ந்தால் இழுவை நீர்த்துப்போகும், நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்து அவற்றைப் பிரித்தெடுக்கவேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அளந்த ஒவ்வொரு நீட்சியையும் கணக்கில் 45 பாகை திருப்பிவிட்டு, அதே வரைபடத்தைத் திரும்பப் போடுவார்கள். ஈர்ப்பு வளையமாகத்தான் இழுக்கும், 45 பாகை திருப்பிய ஒழுங்கை அதனால் உண்டாக்க முடியாது. ஆகவே இந்த இரண்டாவது வரைபடத்தில் வெறும் இரைச்சல்தான் இருக்கவேண்டும். அதிலும் ஒரு மேடு எழுந்தால் கருவியிலோ கணக்கிலோ எங்கோ பிழை ஒளிந்திருக்கிறது.

டக்ளஸ் குளோவும் அவரது குழுவினரும் ஹபிள் தொலைக்காட்டியின் படங்களையும் சிலியில் உள்ள தரைத் தொலைக்காட்டிகளின் படங்களையும் சேர்த்து இந்த வேலையைச் செய்து 2006 இல் வெளியிட்டார்கள். திணிவில் இரண்டு மேடு வந்தது. இரண்டும் மண்டலங்கள் இருக்கும் இடத்திலேயே இருந்தன, வாயுவின் மேல் இல்லை. இந்த விலகல் தற்செயலாக வந்திருக்கலாமா என்று பார்த்தால், அளவீட்டுப் பிழையைப்போல எட்டு மடங்கு விலகல், 8 சிக்மா என்பார்கள். 2025 இல் ஜேம்ஸ் வெப் தொலைக்காட்டியின் கூர்மையான படங்களை வைத்து இன்னும் நுணுக்கமாக வரைபடம் போட்டபோதும் திணிவு மண்டலங்களோடுதான் நின்றது.

பாரமான வாயு நடுவில் கிடக்க, ஈர்ப்பின் மையம் இலேசான மண்டலங்களோடு போயிருக்கிறது. வாயுவையும் மண்டலங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்குவது மிகக் கடினம். ஈர்ப்பு விதியைத் திருத்தலாம் என்பவர்களும் இந்தக் கொத்துக்கு வரும்போது நியூட்ரினோ போன்ற வேறொரு கண்ணுக்குத் தெரியாத திணிவைச் சேர்க்கவேண்டியதாகிறது. ஆக எந்த வழியால் வந்தாலும், ஒளிராமல் பாரமாக இருக்கும் ஏதோ ஒன்று அங்கே வேண்டும்.

இதை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கரும்பொருள் எதனால் ஆனது என்று இந்தப் படம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது சொல்வது, கரும்பொருள் தன்னோடு தானே அதிகம் முட்டிக்கொள்வதில்லை என்பதை. முட்டியிருந்தால் அதுவும் வாயுபோல நடுவில் தங்கியிருக்கும், இல்லாவிட்டால் மண்டலங்களைவிடக் கொஞ்சமாவது பின்தங்கியிருக்கும். 2015 இல் டேவிட் ஹார்வியின் குழு இப்படிப்பட்ட 72 மோதல்களைச் சேர்த்துப் பார்த்து ஓர் எல்லை போட்டது: ஒரு கிராம் கரும்பொருள் இன்னொரு கரும்பொருளுக்குக் காட்டும் இலக்கின் பரப்பு அரைச் சதுர சென்ரிமீற்றரைவிடக் குறைவு. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கான பரப்பும் ஏறக்குறைய அந்த அளவில்தான் வரும். ஆகவே கரும்பொருள் துணிக்கைகள் தங்களுக்குள் கொஞ்சம் தள்ளுமுள்ளுப்படலாம் என்பதற்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. முட்டவே முட்டாது என்று சில கட்டுரைகளில் எழுதுவது அளவீடு சொல்வதைவிட அதிகம்.

வேகத்திலும் ஒரு குழப்பம் இருந்தது. அதிர்ச்சி அலையிலிருந்து கணித்தால் செக்கனுக்கு 4,700 கிலோமீற்றர் போல வந்தது, சாதாரணமாக இவ்வளவு பெரிய கொத்துகள் ஒன்றை நோக்கி ஒன்று விழுவதால் வரும் வேகத்தைவிட இது அதிகம் என்று சிலர் சங்கடப்பட்டார்கள். 2007 இல் கணினியில் மோதலை நடத்திப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. எதிரே இருந்த வாயுவும் அசையாமல் நிற்கவில்லை, அதுவும் ரவையை நோக்கி விழுந்துகொண்டிருந்தது. அதனால் அலை அதற்கு எதிராக அவ்வளவு வேகமாக ஓடுகிறது, ஆனால் கொத்தின் வேகம் 2,700 கிலோமீற்றரை ஒட்டித்தான். எதிரே வரும் ரயிலைப் பார்த்து நமது ரயில் பறக்கிறது என்று நினைப்பது மாதிரி.

எல்லா மோதலும் இவ்வளவு சுத்தமாகவும் இருப்பதில்லை. ஏபெல் 520 என்ற கொத்தில், 2007 இல் ஒரு குழு கரும்பொருள் வாயுவோடு நடுவில் நின்றுவிட்டது என்று வரைபடம் போட்டது, அது உண்மையென்றால் மேலே சொன்னதெல்லாம் ஆட்டம் கண்டிருக்கும். 2012 இல் குளோவின் குழு ஹபிளின் கூர்மையான கமராப் படங்களை வைத்துப் பார்த்தபோது அந்த இருண்ட மேடு அகப்படவில்லை. அங்கே பல கொத்துகள் பல திசையிலிருந்து மோதியிருக்கின்றன, பார்வைக் கோட்டில் ஒன்றின்மேல் ஒன்று படிந்தும் இருக்கலாம். புல்லட் கொத்து அப்படியல்ல. இரண்டு கொத்து மட்டும், மோதலும் ஏறக்குறைய நமக்குக் குறுக்காக, பக்கவாட்டில் நடந்தது. நம்மை நோக்கி நேராக நடந்திருந்தால் வாயுவும் கரும்பொருளும் பிரிந்திருந்தாலும் ஒன்றின்பின் ஒன்று மறைந்து, ஒரே திட்டாகத்தான் தெரியும்.

நேரமும் வாய்த்திருக்கவேண்டும். அந்த இரண்டு மையங்களும் ஒன்றையொன்று தாண்டி ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. போன திணிவு போய்க்கொண்டே இருக்காது, ஒன்றின் ஈர்ப்பு மற்றதைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும், ஓர் இடத்தில் நின்று திரும்பி விழும், இன்னும் சிலதடவை ஊடுருவும், கடைசியில் வாயுவும் மண்டலங்களும் கரும்பொருளும் பழையபடி ஒரே மையத்தில் அடங்கிவிடும். அடங்கியபிறகு யாருடைய ஈர்ப்பு என்று கேட்க வழி இல்லை.

அவள் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அப்ப இப்பவும் அது பிரிஞ்சுதான் இருக்குதா?” என்று கேட்டாள். நமக்கு வந்து சேர்ந்த ஒளி அங்கிருந்து கிளம்பிச் சுமார் 340 கோடி ஆண்டுகள். அடங்குவதற்கு அது போதுமான காலம். அங்கே இப்போது இருப்பது பெரும்பாலும் ஒரே கொத்து.